வாட்ச் வாங்கப் போறீங்களா? முதலில் நொடி முள்ளைக் கவனியுங்க!

கடையில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் வாட்ச்களில் எது நீண்ட நாள் உழைக்கும்? விலையை வைத்து மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. உள்ளே ஓடுவது மெக்கானிக்கலா, குவார்ட்ஸா, ஸ்மார்ட்டா என்று தெரிந்தால், அதில் எந்தப் பாகம் முதலில் மக்கர் பண்ணும் என்பதும் தெரிந்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நொடி முள்ளைப் பாருங்கள். நொடிக்கு ஒருமுறை 'டிக்' என்று தாவினால், பெரும்பாலும் அது குவார்ட்ஸ். வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரிந்தால் மெக்கானிக்கலாக இருக்கலாம். ஆனால் சில குவார்ட்ஸ் வாட்ச்களிலும் முள் அப்படி ஓடும். சந்தேகம் இருந்தால், பேட்டரி போடுவதா என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். மெக்கானிக்கலுக்கு பேட்டரியே கிடையாது. தினமும் சார்ஜ் போட வேண்டிய, ஆப்கள் ஓடும் திரை இருந்தால் அது ஸ்மார்ட் வாட்ச்.

மெக்கானிக்கல்: அழகு அதிகம், கவனிப்பும் அதிகம்

இது சுருள்வில்லின் விசையில் ஓடுகிறது. சாவி கொடுக்க வேண்டும்; ஆட்டோமேட்டிக் என்றால் கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும். கழற்றி வைத்தால் பல வாட்ச்கள் ஒன்றரை, இரண்டு நாளில் நின்றுவிடும். ஒரு நாளைக்கு 15 நொடி வேகமாக ஓடுவது இந்த வகையில் சகஜம்தான். அப்படியே விட்டால் 30 நாளில் ஏழரை நிமிடம் முந்திவிடும். ஸ்பீக்கர் போன்ற காந்தம் உள்ள பொருளின் அருகே வைத்தால் திடீரென்று ரொம்ப வேகமாக ஓடலாம். உள்ளே இருக்கும் எண்ணெய் காலப்போக்கில் வறண்டுபோகும் என்பதால், சில வருடங்களுக்கு ஒருமுறை பிரித்து சர்வீஸ் செய்ய வேண்டும். ஒழுங்காகக் கவனித்தால் தலைமுறை தாண்டியும் ஓடும்.

குவார்ட்ஸ்: செல் மாற்றினால் போதும்

இதில் ஒரு சிறிய படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை எண்ணித்தான் நேரம் காட்டுகிறது. அதனால் சாதாரண குவார்ட்ஸ் மாதத்துக்கே 15 நொடி அளவுக்குத்தான் பிசகும். செல் பொதுவாக இரண்டு, மூன்று வருடம் வரும். சில மாடல்களில் செல் தீரப் போகும்போது முள் இரண்டு நொடிக்கு ஒருமுறை தாவி எச்சரிக்கும். நின்றுபோன வாட்சை அப்படியே டிராயரில் போட்டுவிடாதீர்கள். பழைய செல் கசிந்தால் இயந்திரமே வீணாகிவிடும்.

ஸ்மார்ட் வாட்ச்: ஆயுள் பேட்டரியின் கையில்

ரீசார்ஜ் பேட்டரி ஒவ்வொரு முழு சார்ஜிலும் கொஞ்சம் தேய்கிறது. சுமார் 500 முழு சார்ஜுக்குப் பிறகு பேட்டரி பலவீனமாகிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் முழுசாகத் தீர்த்து சார்ஜ் போட்டால், ஒன்றரை வருடத்துக்குள் அந்த நிலை வந்துவிடும். ஐந்து நாளைக்கு ஒருமுறை போட்டால் அதே எண்ணிக்கையைத் தொட ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். சாஃப்ட்வேர் அப்டேட் நின்றுபோவது இன்னொரு சிக்கல். இதயத் துடிப்பு, நோட்டிஃபிகேஷன் எல்லாம் வேண்டும் என்றால் இதுதான் வழி; ஆனால் பத்து வருடம் கட்டலாம் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தினமும் பைக்கில் போகிறவருக்கு எது?

தினமும் 40 கிலோமீட்டர் பைக் ஓட்டும் ஒரு விற்பனைப் பிரதிநிதியை எடுத்துக்கொள்வோம். அதிர்வு, வியர்வை, திடீர் மழை மூன்றும் அவருக்கு உண்டு. நேரம் பார்க்க மட்டும்தான் வாட்ச் என்றால், அவருக்கு குவார்ட்ஸ்தான் பொருத்தம். வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தண்ணீர் தாங்கும் அளவு. '30 மீட்டர்' என்று எழுதியிருந்தால், கட்டிக்கொண்டு 30 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று அர்த்தம் இல்லை. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். நீச்சலுக்குக் குறைந்தது 50 மீட்டர் வேண்டும். 100 மீட்டர் என்றால் மழையில் பயமில்லை.

இரண்டாவது, பின்பக்க எழுத்து. 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று இருந்தால் பின்மூடி மட்டும்தான் ஸ்டீல். உடல் பகுதி முலாம் பூசிய வேறு உலோகமாக இருக்கலாம்; வியர்வை பட்டுப் பட்டு அந்த முலாம் உரிந்துவிடும். முழு உடலும் ஸ்டீல்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

செல் மாற்றும்போதும் ஒன்றை மறக்கக் கூடாது. பின்மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம்தான் தண்ணீரைத் தடுக்கிறது. அது நசுங்கியோ காய்ந்தோ இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த மழையில் கண்ணாடிக்குள் ஆவி படியும். அப்படிப் படிந்தால் தள்ளிப்போடாமல் உடனே மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்து உலர்த்த வேண்டும்.