தமுக்கும் நோட்டீஸும்: எங்க ஊர் தண்ணிக் கூட்டத்துக்கு ஆள் கூப்பிட்ட வரலாறு

மலருக்குச் சேமிப்பு பற்றியும் கடன் பற்றியும் மற்ற அக்காமார் எழுதுகிறார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு தாள். கிராம சபைக் கூட்டத்துக்கு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ்தான் அது. குடிதண்ணீர் யார் வீட்டுக்கு வந்தது, யார் வீட்டுக்கு வரவில்லை என்பதற்கும் அந்தத் தாளுக்கும் எங்க ஊரில் நிறையத் தொடர்பு உண்டு.

ஊர் கூடித் தண்ணீரைப் பற்றிப் பேசுவது நம் பக்கம் பழைய வழக்கம். உத்திரமேரூர் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டியவை. ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஏரி வாரியம் என்றே ஒரு குழுவைக் குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்ததை அவை சொல்கின்றன. கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவர் பெயர்தான் குடத்துக்குள் போகும். நிலமில்லாதவர் பெயரும் பெண்கள் பெயரும் அதில் கிடையாது. அந்தக் காலத்துப் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசணும் என்பது என் எண்ணம்.

படிக்கத் தெரியாதவருக்குச் செய்தி சொல்ல இருந்தது பறை. மணிமேகலையின் முதல் காதையே, திருவிழா வருகிறது என்று முரசறைந்து ஊருக்குச் சொல்வதுதான். அது பிறகு தமுக்கு, தண்டோரா என்று பெயர் மாறி, நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலம் வரைக்கும் வந்தது. "இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்" என்று ஆரம்பித்தால் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். எங்க ஊரில் தமுக்கு அடித்தவர் என் பெரியப்பா. காலனிக்காரர். அது அவர் விரும்பி எடுத்த வேலை இல்லை. எங்க சாதியின் தலையில் கட்டியிருந்த வேலை.

1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்த பிறகு, வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள எல்லாரும் கிராம சபை உறுப்பினர் என்று ஆனது. கூட்டத்துக்கு ஏழு நாளுக்கு முன்பே நாள், நேரம், இடம், பேசப்போகிற பொருள் எல்லாம் ஊருக்குத் தெரியவேண்டும். நோட்டீஸ் ஒட்டணும், தண்டோராவும் போடணும்.

எங்க ஊரில் தெருக்குழாய் எங்கெங்கே வைப்பது என்று ஒரு கூட்டம் நடந்தது. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெரியப்பா மேலத்தெரு, நடுத்தெரு, கடைத்தெரு என்று போய் அடித்தார். அதோடு போதும் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். ஆக, தமுக்கு அடித்தவர் எங்க தெருக்காரர், ஆனால் எங்க தெருவில்தான் தமுக்கு அடிக்கவில்லை. கூட்டம் நடந்த இடம் கோயில் மண்டபம். அங்கே எங்க வீட்டுப் பெண்கள் போய் உட்கார்ந்த வழக்கமே இல்லை. மூன்று தெருவுக்கும் குழாய் வந்தது. எங்களுக்குக் குழாய்க் கடைசியில் ஒன்று. அதிலும் சாயங்காலம் காற்றுதான் வரும். போய்க் கேட்டபோது, 'தண்டோரா மூலம் தெரிவிக்கப்பட்டது' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருந்ததைக் காட்டினார்கள். எழுதியிருந்ததில் பொய் இல்லை. எந்தத் தெருவில் தெரிவிக்கப்பட்டது என்றுதான் அதில் எழுதவில்லை.

மதம் சார்ந்த வளாகத்தில் கிராம சபை நடத்தக்கூடாது என்று இப்போது ஆட்சியர் அறிவிப்பிலேயே வருகிறது. அந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மண்டபம் ஞாபகம் வரும்.

2022-ல் தண்டோராவையே நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலாளர் எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் சொன்னால் போதும், மனுசரைத் தமுக்கு அடிக்கவிட வேண்டாம் என்பது அதன் சாரம். நிறுத்தியது நல்லதுதான். அதைக் கேட்கப் பெரியப்பா உயிரோடு இல்லை. ஆனால் தமுக்கோடு வேறொன்றும் போய்விட்டது. தமுக்கு அடிப்பவர் முக்குக்கு முக்கு நிற்பார். "எப்பப்பா? எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் திருப்பிச் சொல்வார். ஆட்டோ நிற்காது. பதிவு செய்த குரல் அரை நிமிடத்தில் தாண்டிப்போய்விடும். எங்க தெருவுக்குள் ஆட்டோ நுழையவே முடியாது.

அந்த இடத்தில்தான் நம்ம குழுக்கள் உள்ளே வந்தன. மகளிர் குழுவில் படித்த ஒருத்தி தீர்மானத்தைச் சத்தமாக வாசித்த பிறகுதான் மற்றவர்கள் கையெழுத்தோ ரேகையோ வைப்போம் இல்லையா, அதே பழக்கத்தைக் கிராம சபை நோட்டீஸுக்கும் கொண்டுவந்தோம். ஆண்டுக்கு நாலு தடவை நடந்த கிராம சபையை அரசு ஆறாக்கி, உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ஐயும் அதில் சேர்த்திருந்தது. நான் சொல்லப்போவது 2023 மார்ச் 22 கூட்டம்.

ஊராட்சியிலிருந்து வந்த நோட்டீஸில் 'பொருள்: குடிநீர் வழங்கல் குறித்து விவாதித்தல்' என்று இருந்தது. சட்டப்படி அதில் குறையில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு யார் வருவார்கள்? பேச வேண்டியதைத் தொட்டி ஆபரேட்டரிடம் உட்கார்ந்து கணக்காக எடுத்தோம். மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் பிடிக்கும். ஒருமுறை நிரம்ப மூணு மணி நேரம். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏற்றுகிறார், ஆக 60,000 லிட்டர். ஊரில் 1,500 பேர் என்று வைத்தால் ஆளுக்கு 40 லிட்டர் வருது. ஜல் ஜீவன் திட்டப்படி ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் தரணும். அதற்கு 82,500 லிட்டர் வேண்டும். அதாவது மூணாவது தடவையும் தொட்டி நிரம்பணும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சில வீடுகளில் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். அப்படி உறிஞ்சினால் கடைசித் தெருவுக்கு அந்த 40 லிட்டரும் போய்ச் சேராது.

மோட்டார் சமாசாரத்தை நோட்டீஸில் போடவேண்டாம், வீணாகச் சண்டை வரும், கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நோட்டீஸில் இல்லாததைக் கூட்டத்தில் எடுத்தால், 'சொல்லாமக் கொள்ளாம முடிவு பண்ணிட்டீங்க' என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. தெருக்குழாய்க் கூட்டத்தில் நாங்கள் கேட்டதும் அதேதான். மோட்டார் வைத்திருக்கிறவர் காதிலும் அது முன்கூட்டியே விழணும். கடைசியில் எழுத்து நோட்டீஸ் இப்படி ஆனது:

'22.03.2023 புதன்கிழமை காலை 11 மணி, பள்ளிக்கூட மைதானம். பொருள் 1: தொட்டியை நாளொன்றுக்கு மூன்று முறை நிரப்புவது. பொருள் 2: கடைசித் தெருக்களுக்கு முதலில் வால்வு திறப்பது. பொருள் 3: வீட்டுக் குழாய் இணைப்பில் பொருத்திய மோட்டார்களை அகற்றுவது.'

இதை அப்படியே வாசித்துப் பார்த்தோம். கேட்ட பாட்டிமார் மூணு பேரில் ஒருவருக்கும் நாள் மனசில் நிற்கவில்லை. கண்ணால் படிக்கிறவர் திரும்ப மேலே போய்ப் பார்ப்பார். காதால் கேட்கிறவருக்கு ஒரு தடவைதான். அதனால் வாசிப்பதற்கென்று தனியாக எழுதினோம்:

"அமாவாசைக்கு மறுநாள் புதன்கிழமை, யுகாதி லீவு அன்னிக்கு, காலையில பதினோரு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்துல கிராம சபை. தண்ணியப் பத்தி மூணு விஷயம். ஒண்ணு, ஆளுக்கு நாலு குடத்துக்குக் கொஞ்சம் குறையா வரணும், மூணு குடம்கூட வரலை, அதுக்கு என்ன செய்யிறது. ரெண்டு, கடைசித் தெருவுக்கு முதல்ல தண்ணி விடலாமா. மூணு, குழாயில மோட்டார் வச்சிருக்கிறதை எடுக்கணும்னு பேசப்போறோம். மோட்டார் வச்சிருக்கவங்களும் வந்து பேசலாம். திரும்பச் சொல்றேன், அமாவாசைக்கு மறுநாள், பதினோரு மணி, பள்ளிக்கூட மைதானம்."

குடம் 15 லிட்டர் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. லிட்டர் சொன்னால் தலையாட்டுவார்கள், குடம் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தோம். வாசிக்கிறவர் தனக்குப் பிடிக்காத வரியை முழுங்கிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஒட்டிய தாளில் வரி அப்படியே இருக்கும், வாசித்த குரல் காற்றோடு போய்விடும். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எந்தத் தெரு, எந்த நேரம், யார் வாசித்தது என்று எழுதினோம். கேட்ட ரெண்டு பேரிடம் "மூணு விஷயம் என்னென்ன?" என்று கேட்டு, அவர்கள் சொன்ன பிறகே கையெழுத்தோ ரேகையோ வாங்கினோம். ஒட்டிய அன்றைக்கு ஒரு தடவை, முந்தின நாள் சாயங்காலம் ஒரு தடவை, அன்று காலையில் ஒரு தடவை என்று ஒவ்வொரு தெருவிலும் மூணு முறை வாசித்தோம். தண்ணீர் பிடிக்க நிற்கிற நேரம், பால் ஊற்றுகிற இடம், ரேஷன் கடை வரிசை எல்லாம் இதற்குத் தோதான இடங்கள். நடுத்தெருவில் முதல் தடவை வாசித்தபோது மோட்டார் வரி விட்டுப்போனது அந்த நோட்டில்தான் தெரிந்தது. கேட்ட ரெண்டு பேரும் ரெண்டு விஷயம்தான் சொன்னார்கள். மறுநாளே திரும்ப வாசித்தோம்.

எங்க அளவு ஊராட்சிக்குக் குறைந்தது 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். பதினொன்றரைக்கே அந்த எண்ணிக்கை தாண்டியது. மோட்டார் வைத்த வீட்டுக்காரர்களும் வந்தார்கள். "எங்க வீடு மேட்டுல இருக்கு, மோட்டார் இல்லாட்டி ஏறவே மாட்டேங்குது" என்று ஒரு அண்ணன் சொன்னது உண்மைதான். அப்படிப்பட்ட மேட்டு வீடுகளுக்குத் தரைமட்டத்தில் குழாயை இறக்கி வைப்பது என்றும், மற்ற வீடுகள் பதினைந்து நாளில் மோட்டாரை எடுப்பது என்றும், காலையில் முதல் ஒரு மணி நேரம் காலனிக்கும் கீழத்தெருவுக்கும் வால்வு திறப்பது என்றும் தீர்மானம் ஆனது. தீர்மானத்தை முழுக்க வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினார்கள்.

வால்வு மாற்றியது உடனே பலன் தந்தது. எங்க தெருக் கடைசி வீட்டில் காலை ஆறரைக்குத் தண்ணீர் வந்தது. மூணாவது தடவை தொட்டி ஏற்றுவது மட்டும் சித்திரை வரைக்கும்தான் நடந்தது. அதற்குப் பிறகு போர்வெல்லில் மட்டம் இறங்கி, மோட்டார் ரெண்டு மணி நேரத்திலேயே காற்றை இழுக்க ஆரம்பித்தது. மே 1 கூட்டத்து நோட்டீஸில் அதை முதல் பொருளாகப் போட்டு, தெருத்தெருவாகப் போய் வாசித்துவிட்டு வந்தோம்.