இன்சுலின் ஊசி: தனியே வாழும் முதியவருக்கான படக் கையேட்டில் இடம்பெற வேண்டியவை என்ன?

இன்சுலின் அளவை ஒரு நாளும் தவறவிடாத நோயாளிகள் சிலருக்கும் ரத்தச் சர்க்கரை காரணம் தெரியாமல் ஏறி இறங்குவதுண்டு. மருந்தையோ உணவையோ குறை கூறுவதற்கு முன்னர் மருத்துவர்கள் பார்க்க விரும்புவது, ஊசி போடப்படும் இடத்தின் தோலை ஆகும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி குத்தப்படும்போது, தோலுக்கு அடியிலுள்ள கொழுப்புத் திசு பருத்துத் தடிப்பாக மாறுகிறது. மருத்துவத்தில் இது லிப்போஹைபர்ட்ரோஃபி எனப்படுகிறது.

ஸ்பெயினில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் 430 பேரிடம் நடத்தப்பட்டு 2013-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இத்தடிப்பு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஊசி போடும் இடத்தை மாற்றாதவர்கள் அல்லது முறையின்றி மாற்றியவர்கள். இந்தியாவில் 2015-ஆம் ஆண்டு வெளியான இன்சுலின் ஊசி முறைக்கான மருத்துவப் பரிந்துரைகளும் இடமாற்றத்தை வலியுறுத்துகின்றன.

உடன் பார்த்துச் சொல்ல ஆளில்லாத முதியவருக்கு, 'இடத்தை மாற்றிப் போடுங்கள்' என்ற வாய்மொழி அறிவுரை போதாது. இன்று எந்த இடம், நேற்று எந்த இடம் என்பதை அவருக்குக் காட்டும் படக் கையேடு தேவை.

தடிப்பு ஏன் ஆபத்தானது?

தடித்த இடத்தில் உணர்வு குறைவாக இருப்பதால் ஊசி வலிப்பதில்லை. எனவே நோயாளிகள் தம்மை அறியாமலேயே அவ்விடத்தை நாடுகின்றனர். தடிப்பு மேலும் வளர்கிறது. அங்கே செலுத்தப்படும் இன்சுலின் ஒரே சீராக உறிஞ்சப்படுவதில்லை. ஒரு நாள் தாமதமாகவும் குறைவாகவும், மறுநாள் எதிர்பாராத நேரத்திலும் ரத்தத்தில் கலக்கிறது. இதனால் சர்க்கரை உயர, மருந்தின் அளவு கூட்டப்படுகிறது. பின்னர் ஒரு நாள் தற்செயலாக நல்ல தோலில் ஊசி போடப்பட்டால், கூட்டப்பட்ட அளவு முழுவதும் வேலை செய்து சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும். தனியே உறங்கும் முதியவருக்கு இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

நாக்பூரில் தனியே வசிக்கும் 72 வயதுப் பெண்மணி ஒருவருக்கு, 30/70 கலவை இன்சுலின் காலை உணவுக்கு முன் 20 யூனிட்டும், இரவு உணவுக்கு முன் 12 யூனிட்டும் பரிந்துரைக்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். அவர் பயன்படுத்துவது குப்பியும் சிரிஞ்சும். அவருக்கான கையேடு பின்வரும் நான்கு படங்களைக் கொண்டிருந்தால் போதுமானது.

முதல் படம்: குப்பியும் சிரிஞ்சும்

இந்தியாவில் விற்கப்படும் இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் செறிவு கொண்டவை. ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் செறிவுள்ள குப்பிகளும் கிடைக்கின்றன. 40 யூனிட் குப்பிக்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு நிறம். 100 யூனிட் குப்பிக்கு உரியது ஆரஞ்சு நிறம்.

இவ்விரண்டும் மாறிப்போனால் விளைவு கடுமையானது. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால், அரை மில்லிலிட்டர் மருந்து, அதாவது 50 யூனிட் உடலில் சேர்ந்துவிடும். மாறாக, 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 வரை எடுத்தால் 8 யூனிட் மட்டுமே செல்லும். ஆகவே முதல் படத்தில் குப்பியின் மீதுள்ள '40' என்ற எண் பெரிதாகவும், சிரிஞ்சின் மூடி சிவப்பு நிறத்திலும் இருக்க வேண்டும். சிரிஞ்சை இரண்டு முறை வரைந்து, ஒன்றில் காலைக்குரிய 20-ஆம் கோட்டையும், மற்றொன்றில் இரவுக்குரிய 12-ஆம் கோட்டையும் தடித்த வண்ணத்தில் காட்டலாம். மருத்துவர் அளவை மாற்றும்போது இந்தப் படமும் மாற்றப்பட வேண்டும்.

இரண்டாவது படம்: மருந்தை எடுத்துச் செலுத்தும் முறை

கலவை இன்சுலின் குப்பியின் அடியில் வெண்மையாகப் படிந்திருக்கும். குப்பியை உள்ளங்கைகளுக்கு இடையே 10 முறை உருட்டி, 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் அது பால் போல ஒரே சீராகும். வேகமாகக் குலுக்கக் கூடாது. கலக்காமல் எடுத்தால் ஒரு நாள் ஒரு விகிதத்திலும் மறுநாள் வேறு விகிதத்திலும் மருந்து சேரும்.

பின்னர் 20 யூனிட் அளவுக்குக் காற்றைச் சிரிஞ்சில் இழுத்துக் குப்பிக்குள் செலுத்தி, குப்பியைத் தலைகீழாகப் பிடித்து அதே அளவு மருந்தை எடுக்க வேண்டும். காற்றுக் குமிழிகள் இருந்தால் சிரிஞ்சைத் தட்டி வெளியேற்றலாம்.

சிரிஞ்சில் பொருத்தப்பட்டுள்ள 6 அல்லது 8 மில்லிமீட்டர் ஊசி, மெலிந்த முதியவரின் தசை வரை சென்றுவிடலாம். அதைத் தடுக்க, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மென்மையாக மடித்துப் பிடித்து ஊசியைச் செலுத்துவது அவசியம். மருந்தை மெதுவாகச் செலுத்தி, ஊசியை எடுத்த பின்னரே மடிப்பை விட வேண்டும். பேனா பயன்படுத்துவோருக்கு இப்படம் வேறுபடும். 4 மில்லிமீட்டர் ஊசியைச் செங்குத்தாகச் செலுத்தலாம். பெரும்பாலோருக்குத் தோலை மடிக்கத் தேவையில்லை. பொத்தானை முழுவதும் அழுத்திய பின் 10 வரை எண்ணி ஊசியை எடுக்க வேண்டும்.

மூன்றாவது படம்: எந்த நாளில் எந்த இடம்

கையேட்டின் உயிர்நாடி இப்படமே. மேற்கையின் பின்புறமும் ஊசி போடத் தக்க இடம்தான். ஆனால் ஒரு கையால் மடித்து மறு கையால் குத்துவது அங்கே இயலாது என்பதால், உதவிக்கு ஆளில்லாதவரின் படத்தில் அதைச் சேர்க்காமல் விடுவதே நல்லது.

எடுத்துக்காட்டில் கூறிய பெண்மணிக்குக் காலை ஊசி வயிற்றிலும், இரவு ஊசி தொடையிலும் என்று பிரித்துக்கொள்ளலாம். வயிற்றில் மருந்து விரைவாக உறிஞ்சப்படும். தொடையில் மெதுவாக உறிஞ்சப்படும். நள்ளிரவில் சர்க்கரை தாழும் அபாயம் உள்ளவர்களுக்கு இரவு ஊசியைத் தொடையில் போடுவது பொருத்தமானது.

தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டு, வயிறு நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. முதல் வாரம் வலது மேல் பகுதி, இரண்டாம் வாரம் இடது மேல் பகுதி, மூன்றாம் வாரம் இடது கீழ் பகுதி, நான்காம் வாரம் வலது கீழ் பகுதி. ஒவ்வொரு பகுதியிலும் மேல் வரிசையில் நான்கும் கீழ் வரிசையில் மூன்றுமாக ஏழு புள்ளிகள். ஞாயிறு முதல் சனி வரை நாளுக்கு ஒன்று. ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு விரல் அகலம் இருந்தால், தேவையான ஒரு சென்டிமீட்டர் இடைவெளி கிடைத்துவிடும். இரு தொடைகளின் மேற்பாகத்திலும், முன்புறத்திற்கும் வெளிப்புறத்திற்கும் இடைப்பட்ட பரப்பை மேல், கீழ் எனப் பிரித்தால், அங்கும் இதேபோல நான்கு பகுதிகள் கிடைக்கும். இவ்வாறு செய்தால் ஒரு புள்ளியில் மறுபடியும் ஊசி விழுவதற்கு 28 நாள்கள் ஆகும்.

படம் வரைவோர் அடிக்கடி செய்யும் பிழை ஒன்றுண்டு. எதிரில் நிற்பவரின் உடலைப் போல வரையும்போது, நோயாளியின் வலப்பக்கம் தாளின் இடப்பக்கத்தில் அமைந்துவிடுகிறது. கண்ணாடியில் தம்மைப் பார்ப்பது போல, வலப்பக்கம் தாளின் வலப்பக்கத்திலேயே இருக்குமாறு வரைந்தால் குழப்பம் நேராது.

நான்காவது படம்: குறிக்கும் கட்டங்கள்

28 நாள்களுக்கும் நாளொன்றுக்கு இரண்டு கட்டங்கள் கொண்ட அட்டவணையைக் கையேட்டின் பின்பக்கத்தில் அச்சிடலாம். காலைக் கட்டத்தில் சூரியனும் இரவுக் கட்டத்தில் நிலவும் இருந்தால் எளிதில் அடையாளம் தெரியும். ஊசி போட்டு முடித்த உடனேயே கட்டத்தில் குறியிட வேண்டும். போடுவதற்கு முன் குறியிடக் கூடாது. அன்றைய இடம் எது என்பதை மட்டுமன்றி, ஊசி போட்டாயிற்றா என்பதையும் இக்கட்டமே சொல்லும். குறி இல்லாமல், போட்டோமா என்ற ஐயமும் எழுந்தால், இரண்டாவது முறை ஊசி போட்டுக்கொள்ளாமல், சர்க்கரையை அளந்து பார்த்து மருத்துவமனையைத் தொலைபேசியில் கேட்பதே பாதுகாப்பானது.

தடிப்பு ஏற்கெனவே இருந்தால்

அட்டவணை முடியும் ஒவ்வொரு முறையும், குளிக்கும்போது சோப்பு நுரை படிந்த விரல்களால் வயிற்றையும் தொடைகளையும் தடவிப் பார்க்கலாம். சுற்றியுள்ள தோலைவிடக் கெட்டியாகவோ ரப்பர் போன்றோ தோன்றினால், மடித்துப் பார்க்க வேண்டும். நல்ல தோல் மெல்லியதாக மடியும், தடித்த தோல் மடியாது. அவ்விடத்தைப் படத்தில் பேனாவால் அடித்துவிட்டு, தடிப்பு மறையும் வரை அங்கே ஊசி போடாமல் தவிர்க்க வேண்டும். இதற்குப் பல மாதங்கள் ஆகலாம்.

ஆனால் நல்ல தோலுக்கு மாறும் நாளில்தான் எச்சரிக்கை மிகுதியும் தேவை. தடித்த இடத்தில் பழகிய அளவு, நல்ல தோலில் அதிகமாகிவிடக்கூடும். ஐந்தில் ஒரு பங்கு வரை, சிலருக்கு அதற்கு மேலும் அளவைக் குறைக்க நேரிடுகிறது. மேற்சொன்ன பெண்மணிக்குக் காலை அளவை மருத்துவர் 20-லிருந்து 16 யூனிட்டாகக் குறைத்துத் தொடங்கலாம். இதை நோயாளி தாமே முடிவு செய்யக் கூடாது. இடம் மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் தெரிவித்து, முதல் சில வாரங்களுக்குச் சர்க்கரையை அடிக்கடி அளக்க வேண்டும்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை தோன்றினாலோ, அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தாலோ, மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் அளக்க வேண்டும். அப்போதும் குறைவாகவே இருந்தால் அதே அளவு குளுக்கோஸை மறுபடியும் அருந்தலாம். வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரைகளை உட்கொள்வோருக்குச் சாதாரணச் சர்க்கரை விரைந்து பயன் தராது, குளுக்கோஸே தேவை. இவ்வழிமுறையைச் சிவப்புக் கட்டமாக அச்சிட்டு, மருத்துவமனை, அண்டை வீட்டார் ஆகியோரின் எண்களையும் 112 என்ற அவசர அழைப்பு எண்ணையும் பெரிய எழுத்தில் சேர்க்க வேண்டும். அந்தத் தாளின் ஒரு பிரதி படுக்கைக்கு அருகிலும், குளுக்கோஸ் டப்பா அதன் பக்கத்திலும் இருப்பது நலம்.