அச்சும் அரசியலும்: யாருடைய கையில் எந்திரம்?

“அச்சுக்கலை கருத்துகளைப் பரப்பியது; அதனால் அரசியல் மாறியது என்பது சரியா?” தெலுக் இந்தான் மாணவர் சிலர் எழுப்பிய இச்சிறு வினாவுக்கு, ஜெர்மனியின் லூதரைக் காட்டி ஆம் எனச் சொல்லிவிடலாம். 1517க்குப் பின் அவருடைய சிற்றேடுகள் நகர்தோறும் மறுபதிப்புக் கண்டன. தமிழின் வரலாறோ அவ்வளவு எளிதாக ஆம் சொல்ல விடுவதில்லை.

தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் 1578இல் வெளிவந்தது. பதினாறு பக்கங்களே கொண்ட சிறு நூல். அதன்பின் நெடுங்காலம் அரசியலில் அசைவேதும் இல்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தன. ஒரு பக்கத்தில் சில சொற்களே அடங்கின; தாளோ கடல் கடந்து வர வேண்டிய பண்டம். எனவே உள்ளூரிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. புதிய ஏற்பாடு 1715இல் நிறைவுற்றது. எழுத்து சிறுத்ததும் நூல் மலிந்தது. ஆயினும் எதை அச்சிடுவது என்பதை முடிவு செய்தவர்கள் மதப்பணியாளர்களே. 1761இல் புதுச்சேரியை வென்ற ஆங்கிலேயர் அங்கிருந்த அச்சு எந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுசென்றனர். வேப்பேரிப் பணியாளர் அதைப் பெற்றபோது அரசின் வேலையையும் செய்து தர வேண்டும் என்பது ஏற்பாடு. எந்திரம் இடம் மாறியது, அதிகாரம் மாறவில்லை.

மாற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. அச்சகம் நடத்த அரசிடம் உரிமம் பெறும் முறையை 1835ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அச்சிடுபவர் தம் பெயரையும் இடத்தையும் அறிவித்தாலே போதும் என்றாயிற்று. ஒன்பது ஆண்டுகளில், 1844இல், சென்னை வணிகர் கஜுலு லட்சுமிநரசு செட்டி ‘கிரசெண்ட்’ என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். மதப்பணியாளர் இதழ்களுக்கு அவர்தம் கருவியாலேயே மறுமொழி சொல்வது அவர் நோக்கம். அதே காலத்தில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849இல் சென்னை சென்று அச்செந்திரம் வாங்கி வந்தார். கண்டனமும் பாடநூலும் பழந்தமிழ் நூலும் அவர் அச்சகத்தில் ஒன்றாகவே வளர்ந்தன.

லட்சுமிநரசுவின் வழி சமய வாதத்தோடு நிற்கவில்லை. 1852இல் அவர் முன்னின்று அமைத்த சென்னைச் சுதேசிகள் சங்கம், நிலவரிச் சுமையையும் நீதிமன்றத் தாமதத்தையும் எடுத்துரைத்து இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. அடுத்த ஆண்டு டேன்பி சீமோர் என்ற உறுப்பினர் நேரில் வந்து ஊர்களைப் பார்த்தார். வரி வசூலில் நடந்த சித்திரவதை பற்றி 1854இல் நாடாளுமன்றத்தில் பேச்செழுந்தது. அதையொட்டி அமைந்த ஆணையம் 1855இல் தன் அறிக்கையில் அக்கொடுமை உண்மையென ஒப்புக்கொண்டது.

இங்கே அச்சு தனியே செய்தது எது? உழவனின் வலி அவனுக்கு முன்பே தெரியும். அச்சு அதை அவனுக்குக் கற்பிக்கவில்லை. சிதறிய முறையீடுகளைத் தேதியும் பொறுப்பாளர் பெயரும் உள்ள ஒரே முறையீடாகத் திரட்ட அது உதவியது. அத்தகைய ஒன்றை மறுக்க வேண்டுமானால் அரசும் விசாரிக்க வேண்டியதாயிற்று. ஆனால் அந்த இதழ் ஆங்கிலத்தில் இருந்ததால், யாருக்காக எழுதப்பட்டதோ அவ்வுழவரில் மிகப் பலர் அதைப் படித்திருக்க வழியில்லை. மலாயாவில் 1924இல் ‘தமிழ் நேசன்’ தொடங்கிய பின் இங்குள்ள தமிழர், தம் மொழியிலேயே ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் இதழைத் தமதாகக் கண்டனர்.