கும்பகோணத்தில் ஒரு நோட்ஸ் புத்தகம்

ராமானுஜன் கதையைச் சொல்லும் யாரும் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவதில்லை. ஜி. எஸ். கார் எழுதிய ‘சினாப்சிஸ்’. 1903ஆம் ஆண்டு, கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த பையன் கையில் அது கிடைத்தது, அன்றோடு அவன் வாழ்க்கையே மாறியது என்பார்கள். புத்தகத்தின் பெயரை ஏதோ வேத நூலைப் போல உச்சரிப்பார்கள். ஆனால் அது என்ன மாதிரிப் புத்தகம் என்பதை யாரும் அவ்வளவாக விளக்குவதில்லை. நம்ம ஊர் பாஷையில் சொன்னால் அது ஒரு கைடு. பரீட்சைக்கான நோட்ஸ்.

கார் லண்டனில் டியூஷன் எடுத்தவர். கேம்பிரிட்ஜின் கணிதப் பரீட்சைக்குப் பெயர் டிரைபாஸ். அதற்குப் படிப்பவர்கள் கடைசி நேரத்தில் புரட்டிப் பார்க்க வசதியாக, தான் மாணவர்களுக்குக் கொடுத்த குறிப்புகளைத் தொகுத்து 1880இல் முதல் பாகமாகவும் 1886இல் இரண்டாம் பாகமாகவும் அச்சிட்டார். சுமார் 5000 சூத்திரங்கள், தேற்றங்கள், எல்லாவற்றுக்கும் எண் போட்டு வரிசையாக. நிரூபணம் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் ஒரு வரிக் குறிப்பு, அல்லது ‘இன்ன எண்ணைப் பார்’ என்பதோடு சரி. பதில் மட்டும் இருக்கும், வழி இருக்காது. மனப்பாடம் செய்வதற்கென்றே வார்த்த புத்தகம்.

அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு பையன் மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொரு வரிக்கும் வழியைத் தானே கண்டுபிடிக்க உட்கார்ந்தான். அவன் ஆழ்ந்து படித்தது ஒரு கைடை. அதே காலத்தில் அவன் சேர்ந்த கல்லூரியோ அவனை எஃப்.ஏ. பரீட்சையில் தேற வைக்க முடியாமல் திண்டாடியது. இந்த இரண்டும் ஒரே ஊரில், ஒன்றிரண்டு வருஷ இடைவெளியில் நடந்தன.

கல்வி ஆய்வாளர்கள் இதைப் பேசுவதற்கான வார்த்தைகளைப் பிறகுதான் கண்டெடுத்தார்கள். 1976இல் ஸ்வீடனின் கோதென்பர்கில் மார்ட்டன், சால்யோ என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரு கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். படித்ததும் கேள்வி கேட்போம் என்றும் சொன்னார்கள். சிலர் என்ன கேட்பார்களோ என்ற பயத்தில் வாக்கியங்களைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் கட்டுரையாளர் என்ன சொல்ல வருகிறார் என்று தேடினார்கள். முதலாவது மேலோட்டமான படிப்பு, இரண்டாவது ஆழ்ந்த படிப்பு. இது ஆளின் குணமல்ல, அந்த நேரத்தில் அந்த வேலையை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் என்பதில் அவர்கள் கவனமாக இருந்தார்கள்.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய அடுத்த சோதனை. ஒரு குழுவிடம் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சில்லறை விவரங்களைக் கேட்டார்கள். எதிர்பார்த்தபடியே அவர்கள் மேலோட்டமான படிப்புக்குச் சரிந்தார்கள். இன்னொரு குழுவிடம், பகுதியின் மொத்தக் கருத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். எல்லாரும் ஆழமாகிவிட்டார்களா? இல்லை. அதில் பல பேர், சுருக்கம் சொல்வது எப்படி என்ற வித்தையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். புரியாமலே புரிந்த மாதிரி இரண்டு வரி. கேள்வியை மாற்றினால் படிப்பு மாறும், ஆனால் நினைத்த பக்கம்தான் மாறும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது வகையைப் பிரிட்டனில் கண்டார்கள். 1974இல் எடின்பரோவில் மில்லர், பார்லெட் இருவரும் கவனித்தது: சில மாணவர்கள் எது பரீட்சைக்கு வரும் என்று வாத்தியாரிடமே போய் நைசாகப் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொள்கிறார்கள், சிலர் காதில் விழுந்தால் பிடித்துக்கொள்கிறார்கள், சிலருக்கு அந்தச் சமிக்ஞையே கேட்பதில்லை. பின்னால் லங்காஸ்டரில் என்ட்விசிலும் ராம்ஸ்டனும் இந்த முதல் வகைப் படிப்புக்கு ஒரு தனி இடம் கொடுத்தார்கள். தமிழில் அதைக் கணக்குப் போட்டுப் படிப்பது என்று சொல்லலாம். எதை எவ்வளவு படித்தால் எவ்வளவு மார்க் என்ற கணக்கு. ப்ளூபிரிண்ட்டும் புக் பேக் கேள்விகளும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இப்போது கும்பகோணத்துக்கு வருவோம். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் சிறிய வீடு, ஜவுளிக் கடையில் கணக்கெழுதும் அப்பா. 1897இல் நடந்த ஆரம்பப் பள்ளிப் பரீட்சையில் பையன் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே முதலாவது. கணக்கில் மட்டுமல்ல, ஆங்கிலம், தமிழ், பூகோளம் எல்லாம் சேர்த்து. பள்ளி முடிக்கும்போது கணிதத்துக்குப் பரிசு, அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப். அதாவது பரீட்சைக்கு ஒத்துவராத பிள்ளை என்று அதுவரை அவரைப் பற்றி யாரும் சொல்லியிருக்க முடியாது.

காவிரிக் கரையில் இருந்த அந்தக் கல்லூரிக்கு ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்று பட்டப்பெயர். பெருமைக்காகச் சொன்னது. ஆனால் பரீட்சை விஷயத்தில் ஒப்புமை நிஜமாகவே பொருந்தும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் லண்டன் மாதிரியில் தொடங்கியபோது அது பாடம் நடத்தவில்லை, பரீட்சை மட்டும் நடத்தியது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. கேள்வி எடுப்பவர் சென்னையில், சொல்லிக்கொடுப்பவர் கும்பகோணத்தில். இப்படி இரண்டும் பிரிந்துவிட்டால், சொல்லிக்கொடுப்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவே பொதுவாக இருப்பது ஒன்றுதான்: பாடத்திட்டத்தில் அச்சான பகுதி.

அந்தப் ‘பகுதி’ என்ன செய்யும் என்பதற்கு அதே ஊரில் இன்னொரு சாட்சி உண்டு. 1880இல் அந்தக் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்த உ. வே. சாமிநாதையர், ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் ராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், கோவை என்று பெரிய பட்டியல் போட்டார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். அந்தக் காப்பியத்தில் நாமகள் இலம்பகம் மட்டும் 1868இல் பவர் பாதிரியார் பதிப்பாக, படிக்கும் மாணவர்களுக்காக அச்சாகியிருந்தது. பதிமூன்று இலம்பகங்களில் ஒன்று. பரீட்சைக்கு அது போதும், ஆனால் முதலியாருக்கு முழுசும் வேண்டும். இன்னொரு பக்கம், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரீட்சையே இல்லாமல், வருஷக்கணக்காகக் கேட்டும் மனப்பாடம் செய்தும் கற்ற ஐயருக்கும் சிந்தாமணி தெரியவில்லை. பரீட்சையை எடுத்துவிட்டால் ஆழம் தானாக வந்துவிடும் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். மடத்துக்கும் ஒரு பாடத்திட்டம் இருந்தது. ஆனால் அந்த மனப்பாடத்தை மேலோட்டம் என்று தள்ளவும் முடியாது. 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்ததற்கு, ஒரு சொல்லைப் பார்த்ததும் பத்து இடங்கள் நினைவுக்கு வரும் அந்தப் பயிற்சிதான் அடிப்படை.

ராமானுஜன் 1904இல் அங்கே சேர்ந்தார். எஃப்.ஏ. வகுப்பில் கணிதத்தோடு ஆங்கிலம், உடலியல், கிரேக்க ரோம வரலாறு, சமஸ்கிருதம். ஒன்றில் தவறினால் மொத்தமும் தவறியதுதான். கணிதத்தில் எத்தனை மார்க் மிஞ்சினாலும் அதை ஆங்கிலத்துக்குக் கடன் கொடுக்க முடியாது. இந்த விதிக்குள் கணக்குப் போட்டுப் படிக்கிறவன் என்ன செய்வான்? கணிதத்தை அன்றோடு மூடி வைப்பான். அதில் பாஸ் உறுதி, இனி அங்கே செலவழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். ரோம வரலாற்றைப் பாஸ் மார்க் அளவுக்கு உருப்போடுவான். இது சோம்பேறித்தனம் இல்லை, விதி அவனிடம் கேட்கிற புத்திசாலித்தனம். ராமானுஜன் நேர்மாறாகச் செய்தார். ரோம வரலாற்று வகுப்பிலும் சூத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் தவறினார், ஸ்காலர்ஷிப் போனது. 1905இல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரி, அங்கேயும் எஃப்.ஏ. தவறியது. 1907இல் தனியாக எழுதினார், மறுபடியும் அதேதான்.

அவர் கணக்கு நோட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் பார்க்கலாம். பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்பு அளவுதான். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால், அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பெருக்கிய விடை வரும். 3×3 என்பது 9, ஒன்றைக் கழித்தால் 8, அது 2×4. மேலோட்டமாகப் படிப்பவர் இதைச் சூத்திரமாக ஒப்பிப்பார். கணக்குப் போட்டுப் படிப்பவர் இது வருஷா வருஷம் எந்தக் கேள்வியில் வருகிறது என்று பார்ப்பார். ராமானுஜன் அதைத் திருப்பி எழுதினார்:

```
3 = √(1 + 2×4)
4 = √(1 + 3×5)
5 = √(1 + 4×6)
```

இப்போது முதல் வரியில் இருக்கும் 4 என்ற இடத்தில் இரண்டாம் வரியை வையுங்கள். அதில் வரும் 5 என்ற இடத்தில் மூன்றாம் வரியை. நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தால்:

```
3 = √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...))))
```

1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில், இந்த வர்க்கமூல அடுக்கின் மதிப்பு என்ன என்று வாசகர்களுக்குக் கேள்வியாகப் போட்டார். இதழ்கள் வந்துகொண்டிருந்தன, விடை வரவில்லை. கடைசியில் அவரே விடை கொடுத்தார். வாசகர்கள் எல்லாம் கணிதம் கற்றவர்கள், சூத்திரமும் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் பரீட்சை அந்தச் சூத்திரத்தை ஒருபோதும் இந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கச் சொன்னதில்லை.

அவர் கொடுத்த விடையில் ஓர் ஓட்டை உண்டு. முடிவில்லாமல் போகும் அடுக்கு நிஜமாகவே ஓர் எண்ணில் போய் நிற்குமா என்பதைத் தனியாக நிறுவ வேண்டும். அவர் அதைச் செய்யவில்லை. இது காருடைய தழும்பு. நிரூபணமில்லாத கைடில் கற்றவர், நிரூபணமில்லாமலே எழுதினார். காகிதம் விலை என்பதால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். அந்த நோட்டுகளைப் பார்த்தால் காரின் பக்கங்கள் போலவே இருக்கும்: முடிவு, அடுத்த முடிவு. ஆழ்ந்து படித்தாலும் படித்த புத்தகத்தின் குறை கூடவே ஒட்டிக்கொள்ளும்.

அந்த நோட்டுகளைப் பிறகு வாசித்த ஹார்டி டிரைபாஸ் எழுதியவர். 1898இல் நான்காவது இடம். அந்தப் பரீட்சையில் வெற்றியாளர்களை ரேங்க் போட்டுப் பட்டியலிடுவார்கள், முதலாவது வருபவர் பெயர் பத்திரிகையில் வரும். அதனால் கேம்பிரிட்ஜில் நிஜ வாத்தியார் டியூஷன் வாத்தியார்தான். ஹார்டியும் ஒருவரிடம் அனுப்பப்பட்டார். பரீட்சையாளர் போடும் கணக்குகளின் நுணுக்கங்களைப் பழகும் அந்தப் படிப்பு கசந்துபோய், கணிதத்தையே விட்டு வரலாற்றுக்கு மாறலாமா என்று யோசித்தார். லவ் என்ற பேராசிரியர் ஜோர்டானின் பகுப்பாய்வுப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னார். கணிதம் என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது என்று ஹார்டி பின்னாளில் எழுதினார். ரேங்க் பட்டியலை ஒழிக்கப் போராடியவர்களில் அவரும் ஒருவர். கடைசிப் பட்டியல் வந்தது 1909இல். அத்தோடு திருப்தி அடையவில்லை. 1926இலும், டிரைபாஸைச் சீர்திருத்த வேண்டாம், ஒழித்தே விடுங்கள் என்ற ரீதியில் பேசினார்.

எஃப்.ஏ.வில் அவரைத் தோல்வியடைய வைத்த சென்னைப் பல்கலைக்கழகமே 1913இல், பட்டம் இல்லாத ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. கொடுத்தது. ஆராய்ச்சிக்காக. டிரைபாஸ் எழுதச் சொல்லவில்லை. கார் யாருக்காக அந்த நோட்ஸைத் தொகுத்தாரோ அந்தப் பரீட்சைக் கூடத்தில் அவர் கடைசிவரை உட்காரவே இல்லை.