சீப்பில் வருவதும் வட்டமாய்ப் போவதும்

முடி வெட்டி முடித்துப் பின்னந்தலைக்குக் கண்ணாடி பிடிக்கும்போதுதான் சலூன்காரர் மெல்லச் சொல்வார்: "சார், இங்க புழுவெட்டு இருக்கே, பார்க்கலையா?" ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வழவழவென்று ஒரு வட்டம். வலியில்லை, பெரும்பாலும் அரிப்புமில்லை. சொந்தத் தலையின் பின்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் சலூன்காரர், இல்லாவிட்டால் தலை பின்னிவிடும் அம்மா.

மயிலாப்பூரில் வேலைக்குப் போகும் ஓர் இளைஞருக்கு இது நேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அதே வாரம் அடையாறில் ஒரு பெண் குளியலறை வடிகாலில் அடைத்த முடிச்சுருளைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறார். இருவருக்கும் அக்கம்பக்கம் சொல்லும் காரணம் ஒன்றே: "எல்லாம் டென்ஷன்தான்." அடுத்த காரணம் போர்வெல்லின் உப்புத் தண்ணீர். தண்ணீரை முதலில் விடுவித்துவிடலாம். கடினநீர் முடியை வறட்சியாக்கும்; ஆனால் வேரோடு கழற்றாது, வட்டமும் போடாது. டென்ஷன் என்ற சொல்தான் சிக்கலானது. ஒருவருக்கு அது பாதி உண்மை, மற்றவருக்கு அநேகமாகப் பழி.

அடையாறுப் பெண்ணின் கணக்கைத் தேதி வைத்துப் போட்டுப் பார்க்கலாம். மழைக்காலம் வந்தால் சென்னையில் டெங்கு வரும். இவருக்கு நவம்பர் முதல் வாரத்தில் வந்தது. ஐந்து நாள் கடும் காய்ச்சல், பிறகு ஒரு மாதம் உடம்பு தேறவில்லை. முடி கொட்டத் தொடங்கியதோ பொங்கல் முடிந்து, ஜனவரிக் கடைசியில். அதற்குள் காய்ச்சலை மறந்தாயிற்று. அதனால் போன வாரம் மாற்றிய ஷாம்பூ மீது பழி விழுந்தது.

அந்த ஏறத்தாழ மூன்று மாத இடைவெளிதான் நோயின் கையெழுத்து. தலையில் பத்தில் ஒன்பது முடி வளர்ந்துகொண்டிருக்கும். மீதி ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வில் இருந்துவிட்டு உதிரும். அதனால்தான் நலமாக இருப்பவருக்கும் தினம் நூறு முடிவரை போகிறது. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட் போன்ற ஓர் அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் கணிசமான பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து உதிரும். 1961இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் இதை விவரித்து, டெலோஜென் எஃப்ளூவியம் என்று பெயர் வைத்தார். மனவருத்தமும் இதைத் தூண்டலாம். ஆனால் நேற்றைய ஆபீஸ் சண்டை இன்றைய சீப்பில் தெரியாது. கொட்டத் தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் பின்னால் போய், அங்கே என்ன நடந்தது என்றுதான் கேட்க வேண்டும்.

மயிலாப்பூர் இளைஞரிடம் இதே கேள்வியைக் கேட்டால் தேதி எதுவும் அகப்படாது. புழுவெட்டுக்கு, அதாவது அலோபீசியா ஏரியேட்டாவுக்கு, அப்படி ஒரு நாள்காட்டி கிடையாது. முடியின் வேர்ப்பகுதி இயல்பில் உடலின் பாதுகாப்புப் படை எட்டிப் பார்க்காத இடம். அந்த விலக்கு குலைந்தால், டி செல்கள் வளர்ந்துகொண்டிருக்கும் வேரைச் சூழ்ந்து தாக்குகின்றன. நுண்ணோக்கியில் அது தேனீக்கூட்டம் மொய்ப்பது போலத் தெரியும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. பரம்பரைக்குப் பங்குண்டு, தைராய்டு கோளாறோ வெண்புள்ளியோ உடன் இருப்பதுண்டு. மனஅழுத்தம் தூண்டியது என்று சிலர் உறுதியாகச் சொன்னாலும், ஆய்வுகள் ஒரே குரலில் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

வித்தியாசத்தைக் காண விழுந்த முடியையே பார்க்கலாம். அடையாறுப் பெண்ணின் சீப்பில் இருப்பது முழுநீள முடி. வேர்முனையில் வெள்ளையாகக் கடுகிலும் சிறிய ஒரு குமிழ். வேரே செத்துப்போய்விட்டது என்று பலர் அலறுவது அதைக் கண்டுதான். உண்மையில் அது முறைப்படி ஓய்வெடுத்து உதிர்ந்த முடியின் அடையாளம். கீழே வேர் பத்திரமாக இருக்கிறது. இளைஞரின் வட்ட விளிம்பிலோ சில மில்லிமீட்டர் நீளத்தில் குட்டை முடிகள் நிற்கும். மேலே தடித்து, தோலை நெருங்க நெருங்க மெலிந்து, ஆச்சரியக்குறி போல இருக்கும். வளரும்போதே தாக்கப்பட்ட முடி அது. மருத்துவர் அவர் நகங்களையும் பார்ப்பார். ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். குழந்தையின் தலையில் வட்டம் வந்து, அங்கே செதிலும் அரிப்பும் இருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்குப் பூஞ்சைக்கொல்லி மாத்திரை வேண்டும், ஸ்டீராய்டு அல்ல.

கண்ணை ஏமாற்றும் இடமும் ஒன்று உண்டு. புழுவெட்டு என்ற இந்தத் தன்னெதிர்ப்பு நோய் சிலருக்கு வட்டம் போடாமல் தலை முழுக்கப் பரவலாகக் கொட்ட வைக்கும். மூன்று மாதத்துக்கு முன்னால் எந்தச் சம்பவமும் இல்லை, சில வாரங்களிலேயே தலை காலியாகிறது, புருவமும் மெலிகிறது என்றால் காய்ச்சல் கணக்கைக் கைவிட்டுவிட்டுத் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மருந்திலும் இரண்டும் பிரிகின்றன. அடையாறுப் பெண்ணுக்கு வேண்டியது பெரும்பாலும் காத்திருப்பு. இரும்புச்சத்தும் தைராய்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். கொட்டுவது வழக்கமாக ஆறு மாதத்துக்குள் அடங்கும். ஆனால் முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், இடுப்புவரை தொங்கிய பின்னலின் தடிமன் திரும்பச் சில வருடம் ஆகும். கடையில் தானாக வாங்கும் பயோட்டின் மாத்திரை குறைபாடு இல்லாதவருக்குப் பயன் தருவதாகத் தெரியவில்லை. போதாததற்கு, தைராய்டு ரத்தப் பரிசோதனையின் முடிவையும் அது பிசகாகக் காட்டக்கூடும். பரிசோதனைக்குப் போகும் முன் அதைச் சாப்பிடுவதைச் சொல்லிவிடுவது நல்லது.

இளைஞரின் பாட்டி சின்ன வெங்காயத்தை நறுக்கி வட்டத்தில் தேய்க்கச் சொல்வார். சிரிக்க வேண்டாம். 2002இல் பாக்தாத் மருத்துவர்கள் வெங்காயச் சாற்றைச் சோதித்து, பலருக்கு ஆறு வாரத்தில் முடி வளர்ந்ததாக எழுதினார்கள். ஆனால் அது மிகச் சிறிய ஆய்வு. மேலும் ஒன்றிரண்டு வட்டத்தோடு நிற்கும் நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே வளர்ந்துவிடும். எந்த வைத்தியம் செய்தாலும் பாதி வெற்றி நிச்சயம் என்பதால்தான் புழுவெட்டுக்கு இத்தனை கைமருந்துகள் பிழைத்திருக்கின்றன. தோல் புண்ணாகும்வரை தேய்ப்பதுதான் வம்பு.

மருத்துவமனையில் பொதுவாகச் செய்வது வட்டத்துக்குள் ட்ரையம்சினோலோன் ஊசி. மெல்லிய ஊசியால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் சொட்டுச் சொட்டாகப் போடுவார்கள். நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை. அளவு மீறினால் அந்த இடம் குழியும். போட்ட இடத்தில் முடி வரும். வேறிடத்தில் புது வட்டம் முளைப்பதை அது தடுக்காது. பாதித் தலைக்கு மேல் போனவர்களுக்கு இப்போது மாத்திரை உண்டு: பாரிசிட்டினிப் என்ற மருந்துக்கு 2022 ஜூனில் அமெரிக்கா அனுமதி தந்தது. பாதுகாப்புப் படையின் கையைக் கட்டும் மருந்து என்பதால், தொடங்கும் முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நிறுத்தினால் பலருக்கு முடி மறுபடி போகிறது.

ஊசி பலித்து இரண்டு மாதத்தில் வட்டத்துக்குள் முடி முளைத்தால், இளைஞர் இன்னொரு முறை பயப்படுவார். வருவது பெரும்பாலும் வெள்ளை முடி. தாக்குதல் நிறமுள்ள முடியைத்தான் முதலில் குறிவைக்கிறது, நிறம் திரும்புவதும் கடைசியில்தான். சலூன்காரர் டை அடிக்கலாமா என்று கேட்டால், சில மாதம் பொறுங்கள் என்று சொல்லிவிடலாம்.