வாசல் யாருடையது?

விருந்தோம்பல் பற்றி எழுத உட்கார்ந்தால் நம்மவர் கை உடனே குறளுக்குப் போய்விடுகிறது. எனக்கும் அப்படித்தான் போனது. பிறகு அடித்துவிட்டேன். குறள் பேசும் மனிதனுக்குச் சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது. அவன் வாசல் அவனுடையது. நான் எழுத நினைத்த மனிதர்களுக்கு வாசல் இருந்தது, ஆனால் அது அவர்களுடையதா என்பதை ஒரு காலத்தில் நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

கரவனெல்ல சந்தியிலிருந்து எந்தப் பக்கம் ஏறினாலும் றப்பர்த் தோட்டங்கள்தாம். சில இடங்களில் தேயிலையும் உண்டு. என் மூத்தாப்பா இந்தப் பக்கத்து லயங்களுக்குப் பொட்டணி கட்டிக்கொண்டு போனவர். சீத்தை, சாரம், சிறு பிள்ளைகளுக்குச் சட்டைத் துணி. களனிப் பள்ளத்தாக்கில் யட்டியாந்தோட்டை வரை ஓடிய சின்ன ரயிலின் தண்டவாளத்தை 1942இல் கழற்றிவிட்டார்கள். அதன் பின்பு பஸ், பஸ்ஸை விட்டால் கால்நடை. லயத்து வாசல்களை அவரைப் போல் அறிந்தவர்கள் குறைவு. சிறு வயதில் நான் அவரிடம் கேட்டவற்றையும், பின்னாளில் நானே அந்த வாசல்களில் நின்று பார்த்தவற்றையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

லயம் என்பதை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நீண்ட ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்துக் காம்பராக்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒரு காம்பரா, அதில் ஒரு குடும்பம். காம்பராவுக்கு முன்னால் ஒடுங்கலாக ஒரு இஸ்தோப்பு. அதற்கு முன்னால் மழைத் தண்ணீர் ஓடும் கான். இரட்டை லயமென்றால் முதுகோடு முதுகு ஒட்டி மறுபக்கமும் இதே வரிசை, பின்கதவுக்கு இடமே கிடையாது. ஆக, குடும்பத்துக்கு இருப்பது ஒரே வாசல். மணமகள் நுழைவதும் அதனால்தான், மையித்து வெளியேறுவதும் அதனால்தான், கடன்காரன் வந்து நிற்பதும் அங்கேதான்.

தென்னிந்தியக் கிராமத்திலிருந்து வந்தவர்களுக்குத் திண்ணை பழக்கம். வழிப்போக்கன் அனுமதி கேட்காமலே அதில் உட்காரலாம். வீட்டுக்காரர் அவனை உள்ளே எடுப்பதா, திண்ணையோடு அனுப்புவதா என்று நிதானமாக யோசிக்கவும் அது அவகாசம் கொடுத்தது. தோட்டத்தில் அந்த வேலையை இஸ்தோப்பு ஏற்றுக்கொண்டது. ஆனால் திண்ணை போல அது சும்மா கிடக்கவில்லை. விறகும், வாளியும், நனைந்த சாக்கும், சில வீடுகளில் அடுப்பும் அதற்குள்தான். யாரும் வருகிறார் என்றால் முதலில் நடப்பது வரவேற்பு அல்ல, இடம் ஒதுக்குவது. அதற்குள் பக்கத்துக் காம்பராக்காரி எட்டிப் பார்த்து, யார் வந்திருக்கிறார் என்பதை லயம் முழுக்க அறிவித்துவிடுவாள்.

வரும் நேரத்தையும் தொழிலே தீர்மானித்தது. றப்பர் வெட்டுகிறவர்கள் விடியலில் மரத்துக்குப் போய், பால் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானத்துக்குப் பின் திரும்புவார்கள். ஆகவே றப்பர் லயத்துக்கு ஒரம்பரை வருவது பின்நேரம். மழை பெய்தால் வெட்டு இல்லை, ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். ஆனால் அன்று பேரும் இல்லை. பேர் இல்லாத நாளில் கடன் வசூலிக்கப் போகக் கூடாது என்பது மூத்தாப்பாவின் சட்டம்.

இனி தண்ணீர். வாசலில் தண்ணீர் இரண்டு தடவை வருகிறது. முதல் தண்ணீர் காலுக்கு. இஸ்தோப்பின் ஓரத்தில் ஒரு வாளியையோ செம்பையோ வைத்து, "காலக் கழுவுங்க" என்பார்கள். வந்தவர் கானின் விளிம்பில் நின்று கழுவ, அழுக்கு அப்படியே கானோடு போய்விடும். ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கம்தான் இது, ஆனாலும் சப்ரகமுவ மழைக்காடு இதற்கு இன்னொரு காரணத்தையும் சேர்த்தது. றப்பர் மலையில் ஏறி வருகிறவர் காலில் அட்டை இல்லாமல் வருவது அபூர்வம். கழுவும்போதுதான் விரல் இடுக்கைப் பார்ப்பது. வீட்டுப் பிள்ளை ஒன்று சவர்க்காரத் துண்டையோ கொஞ்சம் உப்பையோ கொண்டுவந்து நீட்டும். மூத்தாப்பா சொல்வார், உப்பு கேட்காமலே வந்தால் அந்த வீட்டில் நமக்கு மதிப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த ஒரு வாளித் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதையும் நினைக்க வேண்டும். வீட்டுக்குள் குழாய் கிடையாது. பல குடும்பங்களுக்கு ஒரு பீலி. அங்கே வரிசையில் நின்று, குடத்தை இடுப்பில் வைத்து மேடேறிக் கொண்டுவந்த தண்ணீர் அது. வரட்சியில் பீலி நூலாக ஒழுகும். அப்போது காலுக்கு வாளி வைக்காத வீட்டைக் குறை சொல்ல முடியாது. செம்பில் கொஞ்சம் வார்த்துக் கொடுத்தாலே போதும்.

இரண்டாவது தண்ணீர் குடிக்க. அதற்கு முன்பு ஆசனம் வர வேண்டும், நின்றுகொண்டு குடிக்கக் கொடுப்பது மரியாதையல்ல. கதிரை எல்லா வீட்டிலும் இருக்கவில்லை. வாங்கு, இல்லாவிட்டால் சுவரில் சாய்த்து வைத்த பலகை, அதுவும் இல்லாவிட்டால் உதறி விரித்த பாய். மூத்தாப்பா கணக்குக் கொப்பியைத் திறக்குமுன் பார்ப்பது அந்தப் பலகையைத்தான். அது கீழே இறங்கினால் இன்று ஏதோ கிடைக்கும். அது சுவரிலேயே சாய்ந்திருக்க, பிள்ளை மட்டும் வந்து "அம்மா பீலிக்குப் போயிருச்சு" என்றால், அம்மா உள்ளேதான் இருக்கிறாள், கையில் காசு இல்லை. அவர் பொட்டணியை இறக்காமலே அடுத்த வாசலுக்குப் போவார். அந்தப் பொய்யை அவர் ஒருநாளும் பிடித்ததில்லை. பிடித்திருந்தால் அடுத்த மாதம் அந்த வாசலில் நிற்க முடியாதே!

முதல் சொல் "வாங்க". அதை இரண்டு தடவை சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னால் கேள்வி போல ஒலிக்கும். வந்தவர் யாரென்பதை அடுத்த சொல் காட்டும். வாங்க மாமா, வாங்க அண்ணே, மூத்தாப்பாவுக்கு வாங்க நானா. "என்ன விசயம்" என்று தண்ணீருக்கு முன்னால் கேட்பது பெரிய குறை. அவரோ வாசலுக்கு நேரே நிற்காமல் கொஞ்சம் ஒதுங்கி நின்று, "வீட்டில யாரு?" என்று குரல் கொடுப்பார். உத்தரவு கேட்டு, சலாம் சொல்லி நுழைய வேண்டும் என்று ஓதிக் கொடுக்கப்பட்டவர் அவர். வாசலைத் தாண்டி உள்ளே நடப்பது கண்ணில் படாமல் நிற்பதை லயத்துப் பெண்கள் கவனித்தார்கள். ஆண்கள் வீட்டில் இல்லாதபோதும் அவருக்கு இஸ்தோப்பில் பலகை கிடைத்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு வீட்டில் இந்த ஒழுங்கு முழுவதும் தலைகீழாகும். அது சாவு வீடு. அங்கே "வாங்க" என்று யாரும் சொல்வதில்லை. வந்தவர் தானே போய் உட்கார வேண்டும், எழும்போது "போயிட்டு வாறேன்" என்று சொல்லாமல் எழ வேண்டும். புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒரு பொட்டணி வியாபாரி இது தெரியாமல், விடைபெறும்போது "வாறேன்" என்று சொல்லிவிட்டாராம். யாரும் ஏசவில்லை, ஆனால் அந்த லயத்தில் அவர் துணி பிறகு விலைப்படவில்லை.

இதையெல்லாம் இனிக்க இனிக்க எழுதிவிட்டுப் போனால் அது பாதிக் கதைதான். பலகையும் செம்பும் எல்லோருக்கும் ஒன்றாக இறங்கவில்லை. தோட்டத்திலும் சாதி கப்பலேறி வந்திருந்தது. ஆர். ஜெயராமன் மூன்று தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்து 1975இல் வெளியிட்ட நூலின் தலைப்பே இலங்கையில் சாதியின் தொடர்ச்சி பற்றியதுதான். செம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பது சுத்தம் என்று சொல்லப்பட்டது, யார் வீட்டுச் செம்பு என்பதும் அதற்குள் மறைந்திருந்தது. பெரிய கங்காணி வீட்டுக்குப் போன தொழிலாளி முற்றத்தில் நின்றார், பலகை இறங்கவில்லை. துரை லயத்துக்கு வந்தாலோ எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவருக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை, "வாங்க" என்றும் சொல்லவில்லை. ஏனென்றால் அவர் விருந்தாளி அல்ல. சட்டத்தின் பார்வையில் அந்த வாசலும் அவருடையது என்றே எல்லோரும் எண்ணினார்கள்.

அந்த எண்ணம் சோதனைக்கு வந்தது இதே கேகாலை மாவட்டத்தில்தான். உந்துகொடையில் நேவ்ஸ்மயர் என்றொரு தோட்டம். கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் அதை எடுத்தது. காணியில்லாத கிராமத்தவருக்குக் காணி கொடுப்பது நோக்கம், அந்தத் தேவை பொய்யல்ல. ஆனால் லயங்களில் பரம்பரையாக இருந்தவர்களுக்கு வேலை நிறுத்த அறிவித்தல் கொடுத்து, காம்பராவை விட்டுப் போகச் சொன்னார்கள். அவர்கள் போகவில்லை. 1946இல் இதற்காகப் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. போக மறுத்தவர்கள் மீது போடப்பட்ட குற்றச்சாட்டு, அத்துமீறிப் பிரவேசித்தல்! தன் காம்பராவில் தான் இருந்ததற்காக ஒருவர் குற்றவாளியாக்கப்பட்டார்.

வழக்கு உயர் நீதிமன்றம் போய், தண்டனை நீக்கப்பட்டது. அரசாங்கம் விடாமல் லண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குக் கொண்டுபோயிற்று. மன்னர் எதிர் செல்வநாயகம் என்ற அந்த வழக்கில் 1950இல் தீர்ப்பு வந்தது. அரசின் மேன்முறையீடு தள்ளுபடி. தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவு இடத்தில் யார் குடியிருக்கிறார் என்பதைப் பற்றியதே அன்றி, யார் சொந்தக்காரர் என்பதைப் பற்றியதல்ல என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். தனக்கு உரிமை இருக்கிறது என்று உண்மையாக நம்பி இருக்கிறவர், அதனால் மற்றவருக்கு எரிச்சல் வரும் என்று தெரிந்திருந்தாலும், அந்தக் காரணத்தால் மட்டும் குற்றவாளியாக மாட்டார். இந்தத் தீர்ப்பு காணியைக் கொடுக்கவில்லை, வீட்டை எழுதிக் கொடுக்கவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அதற்குள் வந்து வேறொரு கதவை மூடியிருந்தது. ஆனாலும், அந்தக் காம்பராவில் இருந்துகொண்டு ஒருவர் "வாங்க" என்று சொல்வது குற்றமாகாது என்ற அளவுக்காவது அது நின்றது.

மூத்தாப்பாவுக்குப் பிரிவிக் கவுன்சில் தெரியாது. நேவ்ஸ்மயர் கலவரம் தெரியும். அந்த நாட்களில் தோட்டப் பாதையில் போனால் காவல்காரன் மறித்து, யாரைப் பார்க்க என்று கேட்பானாம். லயத்தில் எவர் பெயரையாவது சொன்னால் அவருக்கும் சேர்த்துத் தொல்லை. ஆகவே தான் யாருடைய விருந்தாளி என்பதை அவர் சொல்லமாட்டார், "துணி விக்க" என்று மட்டும் சொல்வார்.

எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் கம்பனிகள் வந்தன. இஸ்தோப்பைத் தகரம் அடித்தும் கல் கட்டியும் அடைத்து அறையாக்கிக்கொண்ட வீடுகள் இன்று அதிகம். பிள்ளைகள் பெருகினால் வேறு வழி? ஆனால் அப்படி அடைத்த நாளில் பலகைக்கு இடமில்லாமல் போயிற்று. வந்தவர் ஒன்றில் நேரே படுக்கையறைக்குள் வர வேண்டும், இல்லையேல் கானோரத்தில் நிற்க வேண்டும். சென்ற முறை நான் போனபோது ஒரு வீட்டில் பிளாஸ்டிக் கதிரையை வெளியே கானுக்கு மேலே பலகை போட்டு அதன்மேல் வைத்தார்கள். 2015க்குப் பின் ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்ற திட்டம் தொடங்கி, மலையகத்தில் சிலருக்குக் கிடைத்திருக்கிறது. இந்தப் பக்கத்து லயங்களில் காத்திருப்பவர்களே அதிகம்.

அந்த வீட்டு அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். யாரென்று சொன்னேன். "பொட்டணி நானாட பேரனா? வாங்க, வாங்க" என்றார். கூடவே ஒரு செம்பு தண்ணீரும், சாயத்தண்ணிக்கு முன்பே, ஒரு சிட்டிகை உப்பும் வந்தது. காலைக் குனிந்து பார்த்தேன். ஒரு அட்டை இருந்தது.