மருந்தின் பொதுப்பெயரைப் படித்தறிவது எப்படி?

மாத்திரை அட்டையில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று நிறுவனம் சூட்டிய வணிகப் பெயர். மற்றொன்று மருந்தின் பொதுப்பெயர். வணிகப் பெயர் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும், பொதுப்பெயர் மாறாது. உலக சுகாதார நிறுவனம் பொதுப்பெயர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒரே வகையில் செயல்படும் மருந்துகளுக்குப் பொதுவான ஓர் அசையை, பெரும்பாலும் பெயரின் இறுதியில், அமைக்கிறது.

'ஓலோல்' என முடியும் பெயர்கள்

அடெனோலோல், மெட்டோப்ரோலோல், ப்ரோப்ரனோலோல், டிமோலோல் ஆகிய பெயர்கள் ஆங்கிலத்தில் ஓ-எல்-ஓ-எல் என்னும் எழுத்துகளில் முடிகின்றன. இவை பீட்டா தடுப்பான்கள். இதயத் துடிப்பின் வேகத்தையும் இரத்த அழுத்தத்தையும் குறைப்பவை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். உயர் இரத்த அழுத்தத்திற்காக ஒருவர் நாள்தோறும் அடெனோலோல் 50 மி.கி. உட்கொள்கிறார். ஒற்றைத் தலைவலிக்காக வேறொரு மருத்துவரை அணுகும்போது அதைத் தெரிவிக்கவில்லை. அவர் ப்ரோப்ரனோலோல் 40 மி.கி. பரிந்துரைக்கிறார். நோய்கள் வேறு, வணிகப் பெயர்களும் வேறு. ஆயினும் உடலுக்குள் செல்வது ஒரே வகை மருந்தின் இரட்டை அளவாகும். இதனால் தலைச்சுற்றல், மிகுந்த சோர்வு, மயக்கம் ஏற்படலாம்; நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 50-க்கும் கீழ் இறங்கலாம்.

கண் நீர் அழுத்த நோய்க்கான டிமோலோல் சொட்டு மருந்தும் இவ்வகையைச் சார்ந்ததே. அதன் ஒரு பகுதி இரத்தத்தில் கலப்பதால், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும். எனவே பயன்படுத்தும் மருந்துகளை மருத்துவரிடம் கூறும்போது கண் சொட்டு மருந்தையும் விட்டுவிடாதீர்கள்.

'மாப்' என முடியும் பெயர்கள்

எம்-ஏ-பி என முடியும் ரிடக்ஸிமாப், டிராஸ்டுசுமாப் போன்றவை ஒற்றைப்படி எதிர்ப்பான்கள் எனப்படும் புரதங்கள். வாய்வழி உட்கொண்டால் செரிமானத்தில் சிதைந்துவிடும் என்பதால் இவை ஊசியாகவே செலுத்தப்படுகின்றன. வீட்டில் வைத்திருக்க நேர்ந்தால் பொதுவாக 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும். உறைநிலைப் பெட்டியில் வைக்கக் கூடாது. 2021-க்குப் பின் இவ்வகைப் புதிய மருந்துகளுக்கு வேறு ஈறுகள் வகுக்கப்பட்டுள்ளன. பழைய பெயர்கள் மாறவில்லை.

ஈறு எதைக் கூறாது?

ஈறு மருந்தின் வகையைக் காட்டும். உங்கள் நோயையோ அளவையோ காட்டாது. விலக்குகளும் உண்டு. கார்வெடிலோல் 'ஓலோல்' என முடியாவிடினும் பீட்டா தடுப்பானே. ஸ்டானோசோலோல் அவ்வாறு முடிந்தாலும் ஸ்டீராய்டு வகையைச் சார்ந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்களிடமுள்ள எல்லா மருந்துகளின் பொதுப்பெயர்களையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். இரண்டு பெயர்கள் ஒரே ஈற்றில் முடிந்தால் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ உடனே காட்டுங்கள். தாமாகவே எதையும் நிறுத்த வேண்டாம். பீட்டா தடுப்பானைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியோ மாரடைப்போ ஏற்படலாம். மயக்கமோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.